‘அந்த ஒரு வேலை’: முதல் அடி குறித்து ஓர் ஆய்வு

தினமும் காலையில் பலருடைய கைப்பேசித் திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: ‘இன்று நீங்கள் தட்டிக்கழிக்கும் ஒரு காரியம் எது? அதைத் தொடங்க எடுக்கக்கூடிய மிகச் சிறிய முதல் அடி எது?’ நாட்குறிப்புச் செயலிகள் இதைக் கேட்கின்றன. ஆளுமைப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த மைத்துனர்கள் இதைக் குடும்பக் குழுவில் போடுகிறார்கள். கேள்வி இரண்டே வரிதான். அதற்கு எழுதப்படும் விடைகளில் மனித குலத்தின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இத்துறையில் முன்னோடி ஆய்வுகள் அதிகமில்லை. இருப்பவற்றில் தலைசிறந்தது ஒரு வெற்றுத்தாள். தமக்கு எழுத்து ஓடாமல் போனதற்குத் தாமே செய்துகொண்ட சிகிச்சை பலிக்கவில்லை என்பதை, அமெரிக்க உளவியலாளர் டென்னிஸ் அப்பர் 1974-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். தலைப்பு இருந்தது, பெயர் இருந்தது, கட்டுரைப் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் தென்படவில்லை என்று மதிப்பீட்டாளர் சான்றளிக்க, இதழ் அதையும் சேர்த்தே அச்சிட்டது.

கேள்வியின் முதல் பாதியிலேயே முதல் சிக்கல் எழுகிறது. ‘ஒரு காரியம்’ என்று கேட்டால், யாரும் அந்தக் காரியத்தை எழுதுவதில்லை. அதற்கு அடுத்த இடத்தில் இருப்பதை எழுதுகிறார்கள். ‘நடைப்பயிற்சி போகணும்’, ‘அலமாரியை ஒழுங்கு பண்ணணும்’ என்பவை இவ்வகை. இவற்றை நாலு பேர் முன்னிலையில் சிரித்துக்கொண்டே சொல்லலாம். நிஜமாகவே தட்டிக்கழிக்கப்படும் காரியத்தை அப்படிச் சொல்ல முடியாது; அதைச் சொன்ன மறுகணம் ‘இன்னுமா முடிக்கல?’ என்று வீட்டில் ஒரு குரல் வரும். அந்தக் குரல் வராவிட்டால் எழுதிய விடை தவறு என்று கொள்க.

இந்த இடம் மாறாட்டத்தைத் தத்துவமாகவே ஆக்கியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜான் பெரி. தலையாய வேலையைச் செய்யாமலிருக்கும் பொருட்டு மனிதன் மற்ற வேலைகளையெல்லாம் வெகு சுறுசுறுப்பாக முடிப்பான் என்பது அவர் கண்டது. 2011-இல் இதற்கு இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது.

அசல் நோபல் தரப்பிலிருந்தும் சாட்சி உண்டு. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்தபோது, பார்க்க வந்த நண்பர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஒரு துணிப்பெட்டியை விட்டுச் சென்றார். அதை அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். இந்திய அலுவலக நடைமுறைகளையும் தம் சாமர்த்தியத்தையும் எடைபோட்ட ஏகர்லாஃப், ஒரு முழுநாள் போய்விடும் என்று கணக்கிட்டார். நாளைக் காலை அனுப்பிவிடலாம் என்று முடிவுசெய்தார். எட்டு மாதங்களுக்கு மேலாக ஒவ்வொரு காலையும் அதே முடிவைச் செய்தார். கடைசியில் இன்னொரு நண்பர் அனுப்பிய பெரிய சரக்கோடு பெட்டியும் போய்ச் சேர்ந்தது. 1991-இல் இதை வைத்தே அவர் ஓர் உரை நிகழ்த்தினார். இன்று படவேண்டிய பாடு கண்முன் மலையாக நிற்கிறது. ஒரு நாள் தள்ளிப்போடுவதால் வரும் நஷ்டமோ தூசு. தினமும் மலையையும் தூசையும் தராசில் வைத்தால் தினமும் ‘நாளை’தான் ஜெயிக்கும். எட்டு மாதத் தூசும் சேர்ந்து எவ்வளவு என்பதை யாரும் கூட்டிப்பார்ப்பதில்லை. 2001-இல் இந்த இருவருமே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பெட்டிக்காக அல்ல.

மலையைச் சுருக்குவதுதான் கேள்வியின் இரண்டாம் பாதிக்குரிய வேலை. அதைச் சோதிக்க, எந்தத் தெருவிலும் அகப்படக்கூடிய ஒரு மாதிரி மனிதரை எடுத்துக்கொள்வோம். முதல் வேலையில் சேர்ந்தபோது திருநெல்வேலியில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு ஒன்று அவருக்கு இருக்கிறது. இப்போது இருப்பது சென்னையில். வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடாத கணக்கை வங்கி ‘செயல்படாதது’ என்று ஒதுக்கிவைக்கும். பத்தாண்டு ஆகிவிட்டால் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போய்விடும். அப்போதும் கேட்டுப் பெறலாம். பெறலாம் என்பதாலேயே பெறாமல் இருக்கிறார்.

‘மிகச் சிறிய முதல் அடி?’ என்ற இடத்தில் இவர் எழுதுவது: ‘வங்கிக்குப் போவது.’ இது அடியல்ல, யாத்திரை. போனால் பாஸ்புக் கேட்பார்கள். பாஸ்புக் பரணில் உள்ள சூட்கேஸில் இருக்கிறது. சூட்கேஸுக்கு மேலே நவராத்திரிக் கொலுப் பொம்மைகள். அவற்றை இறக்க ஸ்டூல் வேண்டும், ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிறது. ஆக, முதல் அடி ஸ்டூலின் கால். ஓர் அடிக்கு முன்னால் இன்னொன்று இருக்குமானால் அது முதல் அடி அல்ல என்ற விதியை மறந்தவர்கள்தான், ‘சின்னதாகத்தானே எழுதினேன், ஏன் நடக்கவில்லை?’ என்று மறுநாள் திகைக்கிறார்கள்.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் பாஸ்புக் கைக்கு வரும். அதைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் உருகி அட்டையோடு ஒட்டியிருக்கும். உள்ளே மை மங்கிய கணக்கு எண் மட்டும் படிக்கும்படி இருக்கும். அது போதும். செயல்படாத கணக்கை உயிர்ப்பிக்க ஆதார், பான் அட்டைகளோடு அதே வங்கியின் எந்தக் கிளைக்கும் போகலாம், கட்டணமும் கிடையாது. திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற காரணம் இங்கே காலமாகிறது.

போலி அடிகள் குறித்தும் எச்சரிக்க வேண்டும். புது ஃபைல் வாங்குவது, அதன் முதுகில் அழகாகப் பெயர் எழுதுவது, ‘செயல்படாத கணக்கை மீட்பது எப்படி’ என்று மூன்று யூடியூப் காணொளி பார்ப்பது ஆகியவை அடி போலவே தோன்றும். கண்டுபிடிக்க ஒரே வழி: அதைச் செய்தபின் பாஸ்புக் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஃபைல் வாங்கியவர் வீட்டிலும் பாஸ்புக் பரணில்தான் இருக்கிறது.

இவ்வளவு அலசியபின் கேள்வியிலேயே ஒரு குறை புலப்படுகிறது. எது என்று கேட்கிறது, எவ்வளவு சிறியது என்று கேட்கிறது. எப்போது, எங்கே என்று கேட்பதில்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சக ஆய்வாளரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் பத்துக்கு மூன்று பேர். பண்டிகை மயக்கத்திலும் இந்த வித்தியாசம் நின்றது.

நமது மாதிரி மனிதருக்குக் கேள்வி வருவது காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் வங்கியும் திறந்திருக்காது, ஸ்டூல் சரிசெய்யும் தச்சரும் எழுந்திருக்க மாட்டார். ‘இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று நியாயமாகச் சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கிறார். எனவே இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: கேள்வி அனுப்புவோர் அதை முற்பகல் பத்தரைக்கு அனுப்புக. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் அனுப்ப வேண்டாம். அன்று வங்கி விடுமுறை.