‘கிரிக்கெட்டை விட்டால் வேறு விளையாட்டே இல்லையா?’: ஒரு வாசகர் கடிதத்தின் உடற்கூறு

தெருவிளக்கு எரியவில்லை, நிறுத்தத்தில் பேருந்து நிற்பதில்லை என்கிற வாசகர் கடிதங்களுக்குச் சமமான ஆயுள் உள்ள கடிதம் இன்னொன்று உண்டு. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை என்று ஆசிரியரிடம் முறையிடும் கடிதம் அது. தெருவிளக்காவது தேர்தல் வந்தால் எரிந்துவிடுகிறது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் விமோசனமே கிடையாது. ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான பொருள் கிடைப்பது அரிது.

மாதிரிக்கு ஒரு கடிதக்காரர் வேண்டும். அவர் ராயபுரம் கல்மண்டபத்தில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர். கல்மண்டபத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. வடசென்னையில் கேரம் போர்டு தெருவிளக்கின் கீழ் வளர்ந்த விளையாட்டு. குத்துச்சண்டைக்குப் பரம்பரைகள் உண்டு. வியாசர்பாடிக்குக் கால்பந்து உண்டு. புகார் சொல்லக் கல்மண்டபத்தாருக்கு இருக்கிற தகுதி வேறு பேட்டைக்காரர்களுக்கு வராது.

கடிதம் ஐம்பது காசு அஞ்சலட்டையில் எழுதப்படுகிறது. முதல் வரி, தான் அந்த நாளிதழின் நெடுநாள் வாசகர் என்று அறிவிக்கும். இது புகழ்ச்சியாகத் தோன்றினாலும் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்னும் மெல்லிய மிரட்டல்தான். இரண்டாவது வரியில் குற்றச்சாட்டு. அடுத்து ஒரு பட்டியல் வரும்: ‘கபடி, கேரம், வாலிபால், கால்பந்து, ஹாக்கி போன்ற’. ‘போன்ற’ என்ற அந்தச் சொல்லில்தான் சிலம்பம் முதல் பேட்மிண்டன் வரை மிச்சமுள்ள விளையாட்டுகள் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பிறகு உச்சகட்டம்: ‘நமது தேசிய விளையாட்டான ஹாக்கிக்கே இந்தக் கதி’. கடிதத்தின் மிக வலுவான வாதம் இது. உண்மையில்லாத வாதமும் இதுவே. 2012இல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய விளையாட்டு எது என்று கேட்டபோது, எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று மத்திய அரசு பதில் அனுப்பியது. பதில் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வாசகர் கடிதங்களை அது இன்னும் எட்டவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பருவமும் உண்டு. ஒலிம்பிக்ஸ் முடிந்த வாரத்தில் நன்றாகக் காய்க்கும். கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற மறுநாளும் விளைச்சல் மோசமில்லை. 2007 செப்டம்பரைப் பாருங்கள். சென்னை எழும்பூர் மைதானத்தில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியின் இறுதிப் போட்டியில் தென்கொரியாவை இந்தியா 7-2 என்று உதைத்து அனுப்பியது. அந்த மாதமே தோனியின் அணி தென்னாப்பிரிக்காவில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. கிரிக்கெட் வீரர்களுக்குப் பரிசுகள் குவிந்தன. ஹாக்கிப் பயிற்சியாளரும் சில வீரர்களும் உண்ணாவிரதம் இருப்போம் என்று அறிவித்த பிறகுதான் கர்நாடக அரசு தன் மாநிலத்து வீரர்களைத் திரும்பிப் பார்த்தது. கடிதக்காரர் அஞ்சலட்டையில் செய்வதை அவர்கள் வயிற்றைக் காட்டிச் செய்தார்கள்.

2018இல் இந்தியக் கால்பந்து அணியின் தலைவர் சுனில் சேத்ரி காணொளியில் தோன்றி, திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கைகூப்பினார். அடுத்த ஆட்டத்துக்கு மும்பை அரங்கில் டிக்கெட் தீர்ந்துபோனது. இந்தக் கடித இனத்தில் பலன் கண்ட அரிய உதாரணம் அது. ஆனால் சேத்ரி முறையிட்டது ரசிகர்களிடம். ஆசிரியருக்கு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

இனி நம் பேட்டைக்கு வருவோம். கேரமுக்கு உலக அளவில் இருக்கும் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 1991லும் 1995லும் உலகச் சாம்பியன் சென்னைக்காரரான மரிய இருதயம்; அர்ஜுனா விருதும் பெற்றவர். 2008இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றவர் வியாசர்பாடி இளவழகி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வென்றவர் புதுவண்ணாரப்பேட்டை காசிமா. தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது.

இவர்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் ஒன்றுமே வரவில்லையா? வந்தது. ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. கடிதக்காரர் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, காசிமா மற்ற பக்கங்களில் இருந்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் சாதித்தார் என்று செய்திப் பக்கத்தில் வந்தார். ஊக்கத்தொகை வாங்கியபோது அரசு நிகழ்ச்சியாக வந்தார். இளவழகியும் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளாகத்தான் வாசகர்களுக்கு அறிமுகமானார். வடசென்னைக் குத்துச்சண்டை 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்ததும் சினிமாப் பக்கத்தில் கொடிகட்டிப் பறந்தது. பிற விளையாட்டுகள் பத்திரிகைக்குள் நுழையாமல் இல்லை. வாசல் வழியாக விடாததால் வறுமை, பரிசுத்தொகை, சினிமா என்ற மூன்று ஜன்னல்களில் ஏறிக் குதிக்கின்றன.

இதில் தொலைந்துபோவது ஆட்டம். காசிமாவின் தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் கல்மண்டபத்தில் பலரும் சொல்லிவிடுவார்கள். இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் என்ன என்று கேட்டால் கடிதக்காரரே விழிப்பார். அவர் நினைவில் விராட் கோலியின் தந்தையுடைய தொழில் இருக்காது. அடித்த சதங்களின் எண்ணிக்கை இருக்கும்.

ஏன் இப்படி? நாளிதழ் அலுவலகத்தில் பக்கம் உருவாகிற விதத்தைப் பார்த்தால் பாதி புரியும். முதலில் விளம்பரம் இடம் பிடிக்கும், மிச்சம்தான் செய்திக்கு. இந்தியாவில் விளையாட்டுக்காகக் கொட்டப்படும் விளம்பர, ஸ்பான்சர் பணத்தில் 85 சதவீதத்துக்கு மேல் கிரிக்கெட்டுக்கே போவதாக அண்மை ஆண்டுகளின் கணக்குகள் சொல்கின்றன. இதைக் கடிதக்காரரும் அறிவார், திட்டுவதும் இதைத்தான்.

அவர் அறியாத மறுபாதி இன்னும் எளிமையானது. கிரிக்கெட் சமைக்கப்பட்டு, இலையில் பரிமாறவும் பட்டே அலுவலகத்துக்குள் வருகிறது. செய்தி நிறுவனங்கள் ஸ்கோர் அட்டையையும் படத்தையும் ஓவருக்கு ஓவர் அனுப்புகின்றன. ஐபிஎல் ஆட்டம் இரவு ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றைத் தாண்டினாலும் பக்கம் அதற்காகக் காத்திருக்கும்.

மாவட்டக் கேரம் போட்டி மாலை ஆறு மணிக்கே முடிந்துவிடும். எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அதில் சால்வையோடு பதினான்கு பேர் நிற்பார்கள்; அவர்களில் வென்றவர் யார் என்பதைக் கோப்பையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதையும் சிறப்பு விருந்தினரே பிடித்திருப்பார். கூடவே வரும் குறிப்பில் விருந்தினர்களின் பட்டங்கள் ஒன்றுவிடாமல் இருக்கும். ஸ்கோர் இருக்காது. உதவி ஆசிரியர் தொலைபேசியில் கேட்டால், ‘நம்ம பையன்தான் சார் ஜெயிச்சான், செம மேட்ச்சு’ என்று பதில் வரும். செம மேட்ச்சை அச்சுக்கோப்பது எப்படி?

கேரமில் எழுத விஷயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைக் காய் ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் சிவப்பு. பேட்டையில் அது ‘ரெட்டு’. அதைப் போட்டால் போதாது; தன் காய் ஒன்றால் ‘ஃபாலோ’ போட்டால்தான் செல்லும். தன் காய்களை முதலில் முடித்தவருக்குப் பலகையில் மிஞ்சிய எதிராளியின் காய்க்குத் தலா ஒரு புள்ளி. ரெட்டும் அவருடையதாக இருந்தால் கூடுதலாக மூன்று. 22ஐத் தொட்டவருக்கு மட்டும் அந்த மூன்று கிடையாது. தோற்றவர் ரெட்டு போட்டிருந்தால் அந்த மூன்று யாருக்கும் இல்லை. 25 புள்ளியை முதலில் எட்டியவர் அல்லது எட்டு போர்டு முடிவில் முன்னால் இருப்பவர் ஆட்டத்தை வெல்வார்.

இப்போது ஏழு போர்டு முடிந்து 22-19 என்று வையுங்கள். கடைசிப் போர்டு. பின்தங்கியவர் போர்டை வென்றால் மட்டும் போதாது. ரெட்டு இல்லாமல் வென்றால் எதிராளிக்கு நான்கு காயாவது மிஞ்சியிருக்க வேண்டும். மூன்று என்றால் 22-22, இன்னொரு போர்டு ஆட வேண்டும். ரெட்டோடு வென்றாலோ ஒரே ஒரு காய் மிஞ்சினாலும் 23-22 என்று ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

முன்னால் இருப்பவர் 22இல் நிற்பதால் ரெட்டால் அவருக்கு ஒரு புள்ளிகூட வராது. இருந்தும் அவர் அதன் பின்னால்தான் ஓடுவார். தனக்கு உதவாததை எதிராளிக்கும் உதவாமல் செய்துவிட்டால், அதன் பிறகு போர்டையே இழந்தாலும் மூன்று காய்க்கு மேல் மிஞ்சாமல் பார்த்துக்கொண்டால் தோல்வி இல்லை. பேட்ஸ்மேன் கடைசி ஓவரில் அடிக்கலாமா, தட்டலாமா என்று தவிப்பதைப் பத்தி பத்தியாக எழுதுகிற பேனாவுக்கு இது போதாதா?

இப்படி மூன்று ஆட்டங்கள் கொண்ட ஒரு போட்டி முழுவதையும் பத்திரிகையில் சொல்ல ஒற்றை வரி போதும்: இரண்டு பெயர், மூன்று ஆட்டங்களின் ஸ்கோர், கடைசிப் போர்டில் ரெட்டு யாரிடம் போனது என்ற குறிப்பு. அந்த ஒற்றை வரியை எழுதி அனுப்ப ஆள் இல்லை என்பதே நிலவரம். பத்திரிகையின் சோம்பலை இது நியாயப்படுத்தாது. பக்கத்துப் பேட்டையில் மூன்று உலகத் தங்கம் வந்த பிறகும் ஒரு நிருபரைக் கேரம் கிளப்புக்கு அனுப்பி விதியைக் கற்றுவரச் சொல்லாத விளையாட்டுப் பிரிவுக்கு, செய்தி வரவில்லை என்று சொல்ல உரிமை கிடையாது.

கடிதக்காரரின் கணக்கும் சுத்தமில்லை. பின்பக்கம் புரட்டியதும் அவர் முதலில் தேடுவது சென்னை அணி என்ன ஆனது என்பதை. அதைப் படித்து முடித்த பிறகே அஞ்சலட்டையை எடுக்கிறார். அவர் கடிதத்திலும் ஸ்கோர் ஒன்று இல்லை, வீரர் பெயர் ஒன்று இல்லை. விளையாட்டுப் பக்கம் கேரமை மறந்தது என்றால், கடிதம் அதைப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் நிறுத்திவிட்டு மறந்தது.

ஆகவே கல்மண்டபத்துப் பெரியவருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிறு உங்கள் பேட்டையில் போட்டி நடந்தால் கடைசிப் போர்டு வரை இருங்கள். வென்றவர் பெயர், தோற்றவர் பெயர், ஸ்கோர் மூன்றையும் பிழையில்லாமல் குறித்து, விருந்தினர் பெயர்களை விட்டுவிட்டு, இரவு ஏழு மணிக்குள் விளையாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். மறுநாள் வராவிட்டால் அந்த முடிவையே அஞ்சலட்டையில் எழுதி ஆசிரியருக்குப் போடுங்கள். வாசகர் கடிதப் பகுதியிலாவது ஒரு கேரம் ஸ்கோர் அச்சாகட்டும்.