சிவப்பு மையும் கட்டைவிரலும்

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசு அலுவலகத்தில் கடிதத்தைத் திருத்துவதற்கென்று ஒரு சடங்கு இருந்தது. முழுத்தாளை நீளவாக்கில் மடித்து, ஒரு பாதியில் மட்டும் வரைவை எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். மறுபாதி மேலே இருப்பவர்களின் ராஜ்யம். கண்காணிப்பாளர் சிவப்பு மையில் அங்கே குடியேறுவார். தட்டச்சர் கார்பன் வைத்துத் தூய நகல் அடித்துவிட்டால், அதன் பிறகு ஒரு சொல்லை மாற்றச் சொல்ல அவர் முகத்தைப் பார்த்துப் பேசும் தைரியம் வேண்டும். யாருக்கும் அது இல்லாததால் எல்லாச் சண்டையும் வரைவிலேயே முடிந்துவிடும்.

எங்கள் கண்காணிப்பாளர் இனிமையான மனிதர் அல்ல. கோப்பை மேஜையில் வைக்க மாட்டார், போடுவார். கோபம் அதிகமானால் ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே சொல் எழுதி அனுப்புவார். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு வயிறு கலங்கும். ஆனால் போய் நின்றால் எந்த வரியில் என்ன கோளாறு என்று விரலை வைத்துக் காட்டாமல் விடமாட்டார். அந்தக் காலத்து மேலதிகாரிகள் எல்லோரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. 'சரியில்லை' என்று மட்டும் எழுதிக் கோப்பைத் திருப்பியவர்களிடமும் பிற்பாடு வேலை பார்த்திருக்கிறேன்.

ஊழியர் ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். வாரிசுச் சான்றும், சான்றொப்பமிட்ட புகைப்படங்களும் இல்லை. பழைய கோப்பைப் பார்த்து நான் வைத்த வரைவு இப்படி இருந்தது: 'பார்வையில் காணும் தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டதில், உரிய ஆவணங்கள் இணைக்கப்படாதது கண்டறியப்பட்டு, குறைகளை நிவர்த்தி செய்து மீண்டும் சமர்ப்பிக்க ஏதுவாக இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது எனத் தெரிவிக்கப்படுகிறது.' அலுவலக மொழியில் குறை சொல்ல முடியாத வாக்கியம். யாரும் எதையும் செய்யவில்லை. எல்லாம் தானாகப் பரிசீலிக்கப்பட்டு, கண்டறியப்பட்டு, அனுப்பப்பட்டுவிட்டன.

முதல் சுற்றில் 'உரிய ஆவணங்கள்' மேல் மட்டும் வட்டம் போட்டு, பக்கத்தில் 'எவை?' என்று எழுதியிருந்தார். வேறு எதையும் தொடவில்லை. பெயர்களை எழுதிக் கொண்டுபோனேன். இரண்டாம் சுற்றில் 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்பதன் கீழே கோடு. 'ஏம்மா, விண்ணப்பம் நம்மகிட்டயே இருக்கட்டுமே. அந்தம்மா ஏன் மறுபடி முதல்லேர்ந்து எழுதணும்?' அந்த ஒரு கேள்வியில் வாக்கியத்தின் பாதி உதிர்ந்துவிட்டது.

மூன்றாவது முறை, கடிதம் வறண்டுபோய்விட்டதாக எனக்கே தோன்றியதால், 'தங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடக்கத்தில் சேர்த்திருந்தேன். மனிதர் அதை ஒரே இழுப்பில் அடித்தார். 'நாலு மாசம் கழிச்சு, பணம் வேணும்னா சான்று கொண்டான்னு எழுதுற கடுதாசியில அனுதாபமா? அதுக்குப் பதிலா அந்தம்மாவுக்கு ஒரு பஸ் செலவ மிச்சம் பண்ணு.' கடைசியில் போன கடிதம்: 'தங்கள் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் எங்களிடம் உள்ளது. இன்னும் இரண்டு மட்டும் தேவை. வாரிசுச் சான்று, இதை வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறலாம். சான்றொப்பமிட்ட புகைப்படங்கள். இதற்காக நேரில் வர வேண்டியதில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.' கனிவான ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனாலும் அந்தப் பிரிவிலிருந்து போன கடிதங்களிலேயே கனிவானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். எழுத வைத்தவர் அன்று மாலையும் கோப்பைப் போட்டார்.

இப்போது நான் ஓய்வுபெற்றுக் குடியிருப்பது ஓர் அடுக்ககத்தில். இங்கே எல்லோரும் இனிமையானவர்கள். சங்கச் செயலாளர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதி, கூகுள் டாக்ஸில் போட்டு, சுட்டியை நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'ஆன்ட்டி, நீங்க கவர்மெண்ட்ல இருந்தவங்க, ஒரு தடவை பாத்துடுங்க' என்று எனக்குத் தனியாகவும் ஒரு செய்தி.

திறந்து பார்த்தேன். தாளை மடிக்கும் வேலை இல்லை. ஓரம் தானாகவே வந்துவிடுகிறது. அதில் அறிவுரைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. 'நைஸ் டிராஃப்ட்! கொஞ்சம் வார்மா இருந்தா நல்லாருக்கும்' என்று பொருளாளர். 'ரொம்ப நீளம், யாரும் படிக்க மாட்டாங்க' என்று இரண்டாம் மாடிக்காரர். 'இன்னும் அசர்ட்டிவா வேணும் ப்ரோ' என்று இன்னொருவர். ஒவ்வொன்றின் கீழும் கட்டைவிரல்கள். யாரும் யாரையும் நோகடிக்கவில்லை. எந்த வரியை என்ன செய்ய வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. 'பேசவும்' என்ற சொல்லையே மூன்று பேர் புன்னகையோடு மூன்று விதமாக எழுதியது போல.

செயலாளர் தம்பி பணிவானவர். மூன்று பேரையும் ஒரே இரவில் திருப்திப்படுத்திவிட்டார். கனிவுக்காக மேலே 'அன்பார்ந்த குடியிருப்பு உறவுகளே, நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று சேர்த்தார். உறுதிக்காக 'மிகக் கடுமையான நடவடிக்கை உடனடியாக எடுக்கப்படும்' என்று கீழே சேர்த்தார். சுருக்கத்துக்காக நடுவில் வெட்டினார். வெட்டியதில் போனது, எந்தக் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்ற வரி. ஒரே குடும்பம் என்று தொடங்கி மிரட்டலில் முடிந்து, பணத்தை எங்கே கட்டுவது என்று சொல்லாத ஒரு காகிதம் மிச்சமானது. கட்டைவிரல்கள் மறுபடியும் உயர்ந்தன.

அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, பழைய முறையில் உட்காரவைத்தேன். ஒரு தடவைக்கு ஒரு குணம்தான், மற்றதைத் தொடக்கூடாது என்று சொன்னேன். எதை முதலில் எடுப்பது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலில் சுருக்கம், பிறகு உறுதி, கடைசியில் கனிவு. கனிவை முதலில் சேர்த்தால், பிறகு கத்தரிக்கோல் வரும்போது அதுதான் முதலில் வெட்டுப்படும்.

சுருக்கத்துக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: 'முதல் ரெண்டு பத்திய மூடிட்டுப் படிங்க, ஏதாவது புரியாம போகுதா?' லிஃப்ட் எப்போது பழுதானது, பொதுக்குழுவில் யார் என்ன பேசினார்கள், மின்கட்டணம் எப்படி ஏறியது என்ற வரலாறு அங்கே இருந்தது. எதுவும் புரியாமல் போகவில்லை, மூடியதை நீக்கினோம். இன்னும் நாலு சொல்லைச் சுரண்டலாமே என்று அவர் கை பரபரத்தது. வேண்டாம் என்றேன். யார், எவ்வளவு, என்றைக்குள், எங்கே என்ற நான்குக்கும் பதில் மிஞ்சும் வரைதான் சுருக்கம். அதற்குக் கீழே போனால் பொருளாளருக்கு ஃபோன் வரத் தொடங்கும்.

உறுதிதான் கொஞ்சம் நேரம் பிடித்தது. 'மிக', 'கடுமையான', 'உடனடியாக' மூன்றையும் அடித்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். மீந்தது 'நடவடிக்கை எடுக்கப்படும்'. யார் எடுப்பார்கள், என்ன நடவடிக்கை, எப்போது? தம்பி யோசித்துவிட்டு, 'தண்ணிய நிறுத்திடுவோம்னு போடலாமா ஆன்ட்டி?' என்றார். அப்படிச் செய்தால் அவர்கள் வழக்குப் போடுவார்கள், சங்கம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செய்ய முடியாததை எழுதினால், அடுத்த மாதம் அதைச் செய்யவில்லை என்று தெரிந்த பிறகு நம் எந்தக் கடிதத்துக்கும் மதிப்பிருக்காது. சங்க விதிகளில் தாமதக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, யாரும் வசூலித்ததில்லை. ஆகவே 'விரைவில் செலுத்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' போய், '15ஆம் தேதிக்குள் செலுத்துங்கள். 16ஆம் தேதி முதல் சங்க விதிப்படி தாமதக் கட்டணம் சேர்த்துக் கணக்கிடுவோம்' வந்தது. 'தாழ்மையுடன்' போனதில் அவருக்கு வருத்தம். கேட்பது நம் வீட்டுப் பணமல்ல, லிஃப்டுக்கும் காவலாளிக்கும் கொடுக்க வேண்டிய பணம், அதில் தாழ என்ன இருக்கிறது என்று கேட்டதும் சமாதானமானார்.

கடைசியில் கனிவு. 'ஒரே குடும்பம்' வேண்டாம் என்றேன். கட்டணம் கட்டாதவரை அந்தச் சொல் உரசத்தான் செய்யும். கட்ட முடியாமல் இருப்பவர் இதைப் படிக்கும்போது எதற்குப் பயப்படுவார் என்று மட்டும் யோசிக்கச் சொன்னேன். தம்பி சட்டென்று பிடித்துக்கொண்டார்: குழுவில் பெயரைப் போட்டுவிடுவார்களோ என்று. ஆக ஒரு வரி சேர்ந்தது: 'ஒரே தவணையில் கட்டுவது சிரமம் என்றால் பொருளாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், பெயர்கள் வாட்ஸ்அப் குழுவில் வெளியிடப்படாது.' அதைத் தேதிக்கு முன்னால் வைத்தார். பின்னால் தள்ளச் சொன்னேன். முன்னால் இருந்தால், தேதி எல்லோருக்கும் பேரம் பேசக்கூடியதாகத் தெரியும். பின்னால் இருந்தால், தேவைப்படுகிறவர் கண்ணில் மட்டும் படும்.

முழு அறிவிப்பும் கைப்பேசித் திரையில் விரலால் தள்ளாமல் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதை எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவ வரும் அம்மாவிடம் தம்பி படித்துக் காட்டி, 'என்ன பண்ணணும்னு சொல்றாங்க?' என்று கேட்டார். '15ந் தேதிக்குள்ள கட்டணும், முடியலன்னா தனியா சொல்லணும்' என்றார் அவர். கண்காணிப்பாளர் இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அறிவிப்பு போனது, பணமும் வரத் தொடங்கியது. ஒருவர் மட்டும் தொலைபேசியில் கொதித்தார். அவர் முன்பே கட்டிவிட்டாராம். பொருளாளரின் பட்டியலில் ஏறவில்லை. பட்டியல் தப்பாக இருந்தால் எந்தச் சுற்றும் கடிதத்தைக் காப்பாற்றாது. அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று தம்பி இரவே இரண்டு வரி எழுதிச் சுட்டியைக் குழுவில் போட்டார். நல்ல வரிகள், தவறு நம்முடையது, கணக்கு சரிசெய்யப்பட்டது, ரசீது இணைப்பில், அவ்வளவுதான். காலையில் பார்த்தேன். ஓரத்தில் முதல் அறிவுரை வந்துவிட்டிருந்தது: 'சூப்பர் ப்ரோ. இன்னும் கொஞ்சம் அசர்ட்டிவா?' அதற்குக் கீழே கட்டைவிரல்கள்.