சாயும் ஜார்

கேள்வி: மிக்ஸி விற்கும் எங்கள் இணையதள முகப்புக்கு ஐசோமெட்ரிக் படம் வரைந்தோம். மிக்ஸி நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஜார் மட்டும் எப்போது விழுமோ என்று நிற்கிறதே, ஏன்?

பதில்: ஜாரை வேறு கடையில் வாங்கினீர்களா? அசல் மிக்ஸியைச் சொல்லவில்லை, படத்தைச் சொல்கிறேன். ஜார் வாயை அளந்து பாருங்கள். ஐசோமெட்ரிக்கில் வட்டம் நீள்வட்டமாகும். அகலம் 100 என்றால் உயரம் 58 இருக்க வேண்டும். உங்களுடையது 50தான் இருக்கும். பழைய கணினி விளையாட்டுகளின் கோணம் அது. அங்கே தரைக்கோடு 26.6 டிகிரியில் ஏறும், இங்கே 30. மூன்றரை டிகிரிதானே என்பீர்கள். மிக்ஸியை மாடியிலிருந்தும் ஜாரை மாடிப்படியிலிருந்தும் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

ஜாரைச் சாய்த்து, இழுத்து ஒட்டுப்போடாதீர்கள். வாய் சரியானால் கைப்பிடி கோணும். ப்ளெண்டரில் இரண்டையும் ஒரே காட்சியில் வைத்து, கேமராவை `Orthographic` ஆக்கி, சுழற்சியில் X 54.736, Y 0, Z 45 என்று கொடுங்கள். பிறகு கேமராவைப் பூட்டிவிடுங்கள். ஜாரை வேண்டுமானால் நகர்த்தலாம், திருப்பலாம். கேமராவை யாரும் தொடக்கூடாது, முதலாளி உட்பட.