வெள்ளைச் சர்க்கரையை ஒழித்து இனிப்பைக் காப்பாற்றுவது எப்படி?

வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை ஒழிப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்லது. அதற்காகக் காலைக் காபியில் இனிப்புக் குறையக் கூடாது, வெள்ளிக்கிழமைப் பாயசம் நிற்கக் கூடாது, பையனின் டம்ளரைப் பார்த்து யாரும் முறைக்கக் கூடாது. இதெல்லாம் ஒன்றாக நடக்குமா என்று தயங்குகிறவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. தாராளமாக நடக்கும். எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

முதல் வேலை, பழைய மளிகைச் சீட்டைக் கிழித்துப் போடுவது. அது கையில் இருந்தால் யாராவது கணக்குப் போட்டுவிடுவார்கள். அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் போகும் பையன் என்று நான்கு பேர் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் மூன்று கிலோ சர்க்கரை வாங்குகிறார்கள். 3000 கிராமை 30 நாளுக்கும் நான்கு பேருக்கும் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது என்னவென்றால், இப்படிச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஐந்து சதவீதம் என்பது அதே 25 கிராம்தான். பேக்கரி, பிஸ்கட், குளிர்பானம் இதில் சேராது. அடுப்படி டப்பாவை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் குடும்பம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இது தெரிந்துவிட்டால் புரட்சிக்கே வேலை இல்லை. தேனில் உள்ள சர்க்கரையையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொல்வதையும் படிக்காமல் விட்டுவிடுங்கள்.

இப்போது வெல்லம். மண்டை வெல்லமோ, அச்சு வெல்லமோ, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையோ, எதுவானாலும் வாங்கியவுடன் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: "இதுல இரும்புச்சத்து இருக்கு." பொய் கிடையாது, இருக்கத்தான் செய்கிறது. அளவை மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு இருபது கிராம் வெல்லம் சாப்பிட்டால் ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்பு தேறினால் அதிகம். இந்தியப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. வெல்லத்தை மட்டும் நம்பி அதை எட்டுவதென்றால் கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். கீரையைக் காபியில் போட முடியாது.

வெல்லத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சர்க்கரைதான். பெரும்பகுதி சுக்ரோஸ், கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். மிச்சம் ஈரமும் தாது உப்பும். கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் காபியில் அதே இரண்டு ஸ்பூன் போட்டால் நாக்குக்குக் கொஞ்சம் மட்டமாகத் தெரியும். இங்கேதான் கை தாராளமாக வேண்டும். "நாட்டுச் சர்க்கரைதானே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு அரை ஸ்பூன் போடுங்கள்.

முதல் நாள் காபி திரிந்து போகும். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் அப்படித்தான். வெல்லத்துக்கு லேசான புளிப்புத் தன்மை உண்டு, சூட்டோடு அது சேரும்போது பாலில் உள்ள புரதம் திரண்டுவிடும். டம்ளரின் ஓரத்தில் மணல் ஒட்டியது போல வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் இதுதான் காரணம், பால்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வெல்லத்தை டிகாக்‌ஷனில் முதலில் கரைத்துக்கொண்டு, பாலைக் காய்ச்சி இறக்கி, பொங்கல் அடங்கிய பிறகு ஊற்றினால் திரியாது. பாயசத்துக்கும் இதே முறைதான். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பருப்போடு கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து ஆறியபின் பால். வடிகட்டியில் தங்கும் கரும்புச் சக்கையையும் பொடி மணலையும் ஒரு தடவை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். "இயற்கையானது" என்று கடைக்காரர் சொன்னதற்குச் சாட்சி அது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கல் நெருங்கும்போது கடையில் எலுமிச்சை மஞ்சளில் மின்னும் வெல்லத்தைத்தான் நீங்கள் எடுப்பீர்கள், நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன், படத்தில் நன்றாக விழும். கொப்பரையில் பாகு காயும்போது ஹைட்ரோஸ் என்ற பொடியைப் போட்டு வெளுக்க வைத்தால் அந்த நிறம் கிடைக்கும். வெளுத்த பண்டத்தில் தங்கும் கந்தக டை ஆக்சைடுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருப்பதே இதனால்தான். இன்னொரு வேடிக்கை, வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் மூட்டை மூட்டையாக வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் கலப்பதும் உண்டு. சேலம் பக்கத்து ஆலைகளில் அதிகாரிகள் சோதனை போட்டுப் பறிமுதல் செய்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. சர்க்கரையிலிருந்து தப்பிக்க வெல்லத்துக்கு ஓடுகிறீர்கள், சர்க்கரை உங்களுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. கருத்து, பிசுபிசுத்து, மழைக்காலத்தில் கசியும் வெல்லத்துக்கு இந்தச் சந்தேகம் குறைவு, அழகும் குறைவு.

அடுத்து தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து இரண்டு ஸ்பூன் தேன் விட்டுக் குடிக்க வேண்டும். ஸ்பூன் அளவு மாறக் கூடாது, ஏனென்றால் அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தேன் கனமான சாமான். ஒரு டீஸ்பூன் தேன் ஏறத்தாழ ஏழு கிராம் நிற்கும், அதில் சுமார் ஐந்தரை கிராம் சர்க்கரை. தட்டையாக எடுத்த ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை நான்கு கிராம்தான். ஆக ஸ்பூனுக்கு ஸ்பூன் மாற்றினால் முன்பைவிட அதிகம் உள்ளே போகும். தேனில் ஃபிரக்டோஸ் கூடுதலாக இருப்பதால் இனிப்பு தூக்கலாகத்தான் தெரியும், அளவைக் குறைத்தாலும் போதும். குறைப்பதற்கா தேன் வாங்கினோம்?

நல்ல தேனா என்று பார்க்க, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு அடியில் போகிறதா என்று பாருங்கள், திரியில் தொட்டுக் கொளுத்திப் பாருங்கள், பொழுது நன்றாகப் போகும். ஒன்றும் தெரியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் போகும். வழக்கமான ஆய்வகச் சோதனைகளிலேயே மாட்டாதபடி தயாரித்த பாகுகளைத் தேனில் கலக்கிறார்கள் என்று 2020-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டது. திரியும் தீப்பெட்டியும் என்ன செய்துவிடும்? குளிரில் தேன் அடியில் உறைந்து மணல்மணலாக இருந்தால் உடனே போலி என்று கொட்டிவிடாதீர்கள். குளுக்கோஸ் படிவது அசல் தேனுக்கும் சகஜம், பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் கிண்டல் இல்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடல் அதைச் சமாளிக்கும், பிஞ்சுக் குடலில் அது முளைத்து நஞ்சு விடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. சேனை வைக்க வந்த அத்தையிடம் இதைச் சொல்லும் தைரியம் வேண்டும்.

பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. அவருக்காகத்தான் ஸ்டீவியா, நம் ஊரில் சீனித்துளசி. இந்த நான்கில் ரத்தச் சர்க்கரையை ஏற்றாதது இது ஒன்றுதான். வெல்லமும் தேனும் ஏற்றும், அதில் சலுகை கிடையாது. ஆனால் சுத்தமான சாறு சர்க்கரையைவிட இருநூறு, முந்நூறு மடங்கு இனிப்பு. ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஈடாக ஏறத்தாழ பதினாறு மில்லிகிராம் போதும். அது நகத்தில்கூட நிற்காது. அதனால் கடையில் கிடைக்கும் பொட்டலத்தில் பெரும்பகுதி வேறு பொடியாகத்தான் இருக்கும். பின்பக்கச் சிற்றெழுத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் அவை ரத்தச் சர்க்கரையை ஏற்றும் சரக்குதான். வழிகாட்டி என்ற முறையில் நான் சொல்வது: முன்பக்க இலைப் படத்தைப் பார்த்து வாங்குங்கள், இலை அழகாக இருக்கிறது.

கொஞ்சம் கூடிவிட்டால் வாயில் கசப்பு தங்கும், அதிமதுரம் மென்ற மாதிரி. தீபாவளிக்கு அதிரசத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். அதிரசத்துக்கு வேண்டியது இனிப்பு மட்டும் அல்ல, பாகு. தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதத்தில் பாகு இருந்தால்தான் அரிசி மாவைப் பிடிக்கும், எண்ணெயில் சிவக்கும். ஸ்டீவியாவில் பாகும் இல்லை, சிவப்பதும் இல்லை. எண்ணெயில் ஈரமாவு பிரிந்து மிதக்கும். எனவே ஸ்டீவியா காபியோடு நிற்கட்டும். காபியில் மிச்சம் பிடித்ததற்காகப் பாட்டி மத்தியானம் ஒரு லட்டு கேட்பார், கொடுத்துவிடுங்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னபோது ஸ்டீவியாவையும் சேர்த்துத்தான் சொன்னது.

ஒரு மாதம் கழித்து வரவு பார்ப்போம். வெள்ளைச் சர்க்கரை பூஜ்யம். நாட்டுச் சர்க்கரை, அரை ஸ்பூன் தாராளத்தின் புண்ணியத்தில், மூன்றரை கிலோ. அதில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே சர்க்கரை. அப்பாவும் அம்மாவும் காலையில் குடித்ததும் பையன் ரொட்டியில் தடவியதுமாகத் தேன் ஒரு கிலோ. அதில் எண்ணூறு கிராம் சர்க்கரை. கூட்டினால் நான்கு கிலோவைத் தொடுகிறது. தலைக்கு ஒரு நாளைக்கு 33 கிராம். ஆரம்பித்த இடத்தைவிட எட்டு கிராம் முன்னேற்றம், செலவிலும் முன்னேற்றம்.

இந்தத் திட்டத்துக்கு ஒரே எதிரி, வீட்டுக்குள் நுழையும் அளவு ஸ்பூன். பையன் ஒரு நாள் அதைக் கொண்டுவந்து, "எந்தச் சர்க்கரையா இருந்தா என்னம்மா, ரெண்டு ஸ்பூனை ஒண்ணே முக்கால் ஆக்குவோம், ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணரை" என்பான். ஆபத்தான யோசனை. கால் கால் ஸ்பூனாகக் குறைத்தால் நாக்கு சண்டை போடாமல் பழகிவிடும், வெள்ளைச் சர்க்கரையிலேயே பாதி மிச்சமாகும், வெல்லம் ருசிக்காக மட்டும் பாயசத்தில் இருக்கும். அப்புறம் யாரிடம் என்னத்தைச் சொல்லிக்கொள்வது? ஸ்பூனை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த மாதச் சீட்டை எழுதுங்கள்: நாட்டுச் சர்க்கரை நான்கு கிலோ, தேன் ஒரு கிலோ, ஸ்டீவியா ஒரு பாக்கெட். விருந்தாளிகள் வந்தால் இருக்கட்டும் என்று வெள்ளைச் சர்க்கரை ஒரு கிலோ.