ஃபைல் அப்பா

மகன் டெக்சாஸில் எம்.எஸ். முடிக்கிறான், மே மாதம் பட்டமளிப்பு என்று சேதி வந்த அன்றே, அவருக்குள் உறங்கிக்கொண்டிருந்த தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நவம்பரிலேயே ஃபைல் திறந்தாயிற்று.

அழைப்புக் கடிதம் என்று மகன் அனுப்பியது நாலே வரி. "தேதியைக் காணோம். செலவு யாருதுன்னு இல்ல" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். "அப்பா, சுற்றுலா விசாவுக்கு இந்தக் கடிதம் கட்டாயமே இல்ல. உங்க நிலைமையைப் பார்த்துத்தான் கொடுப்பாங்க" என்றான் பையன். "பத்திரிகை வைக்காத வீட்டுக்கு நான் போனதில்லடா" என்றார் இவர்.

அடுத்தது 214(பி). விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அதிகாரி முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது நம் பாடு. இந்தச் சட்டப் பிரிவைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானா? அங்கேயா? நாலு நாள் இட்லி இல்லேன்னா எனக்கு வயிறு சொல்றதைக் கேக்காது!" பட்டா, வில்லங்கச் சான்று, பென்ஷன் புத்தகம், மாடி வாடகை ஒப்பந்தம் என்று ஃபைல் கொழுத்தது. தென்னை மரங்களை நிற்கவைத்து போட்டோகூட எடுத்தார்.

"மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் மனைவி. ஆபத்து ஃபைலில் இல்லை, இவர் நாக்கில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாள் என்று யார் கேட்டாலும், "ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாமாம், பார்ப்போம்" என்பார். "டிஎஸ்-160 பாரத்துல மூணு வாரம்னு எழுதிட்டு, அங்க போய் 'பார்ப்போம்'னு இழுத்தா யாருங்க நம்புவா?" என்று தினமும் காபியோடு ஒரு ஒத்திகை வைத்தாள்.

ஜெமினி பாலத்துப் பக்கத்துக் கான்சலேட். செல்போனை வெளியே விட்டுவிட்டு, ஃபைலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஜன்னல் முன் நின்றார்.

"எதுக்குப் போறீங்க?"

"பையன் பட்டமளிப்பு."

"எவ்வளவு நாள்?"

"பார்…" பக்கத்தில் நின்ற மனைவியின் முழங்கை விலாவில் இறங்கியது. "மூணு வாரம்!"

"செலவு?"

"என் பென்ஷன், சேமிப்பு."

"இங்க யார் இருக்கா?"

"பொண்ணு, பேத்தி. அடுத்த மாசமே பேத்திக்குக் காது குத்து, தாய்மாமனுக்குப் பதிலா நான்தான் மடியில வச்சுக்கணும்."

மொத்தம் இரண்டு நிமிஷம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசா கொடுத்தாயிற்று என்றார் அதிகாரி.

"சார், பட்டா…" என்று இவர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தவர் முகத்தில் விசா கிடைத்த களையே இல்லை. "ஒரு தாளைக்கூடத் தொடலடி!"

ஆட்டோ சிக்னலில் நின்றது. பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, டிரைவரின் தோளைத் தொட்டார்.

"தம்பி, வில்லங்கச் சான்று பார்த்திருக்கீங்களா?"