"முடியாது" என்ற பின் எழுத வேண்டியது

கேள்வி: மேலாளர் வியாழன் 11 மணிக்கு வைத்த கூட்டத்துக்கு, "சாரி சார், வியாழன் முடியாது, பிஸி" என்று பதில் அனுப்பினேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவருக்கு ஏன் வருத்தம்?

பதில்: உண்மையில் பாதியைத்தான் சொன்னீர்கள். ஆறு பேருடைய சௌகரியத்தையும் பார்த்து ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடித்தவருக்கு, நீங்கள் வரமாட்டீர்கள் என்பதைக் காட்டிலும், பின் எப்பொழுது வருவீர்கள், நீங்கள் இல்லாமலே காரியத்தை நடத்தலாமா என்பவையே தெரிய வேண்டிய விஷயங்கள். இப்படி எழுதியிருக்கலாம்:

"ஐயா, அழைப்புக்கு நன்றி. வியாழன் 11 மணிக்குத் தணிக்கையாளரைச் சந்திப்பதாக முன்னரே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அன்றே பிற்பகல் 3 மணிக்கோ, வெள்ளி காலை 10 மணிக்கோ வர இயலும். நேரத்தை மாற்றுவது சிரமமானால், எங்கள் பிரிவின் கணக்கைப் புதன் மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன். என் சார்பில் உதவி மேலாளர் கலந்துகொள்வார்."

இதில் கவனிக்க வேண்டியது, நேரங்கள் இரண்டே என்பது. ஒன்றைச் சொன்னால் கட்டளை போலாகிறது. "அடுத்த வாரம் எப்பொழுதாவது" என்றாலோ தேடும் வேலை மறுபடியும் அவர் தலையில் விழுகிறது. அவ்விரண்டு நேரங்களிலும் மற்றவர்கள் ஓய்வாயிருக்கிறார்களா என்று அலுவலக நாட்காட்டியில் பார்த்த பிறகே எழுத வேண்டும். இல்லாவிடில் நீங்கள் நீட்டுவது வெறும் உபசார வார்த்தையே. உதவி மேலாளரிடமும் முன்கூட்டியே சம்மதம் பெற்று, எதுவரை அவர் முடிவு சொல்லலாம் என்பதைத் தெளிவாக்கிவிடுங்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லக்கூடிய பிரதிநிதியால், அதே கூட்டம் இரண்டாம் முறை கூட நேரும்.

கேள்வி: லண்டன் வாடிக்கையாளர் அவர்கள் ஊர் மாலை 4 மணிக்குப் பேச அழைக்கிறார். ஜூலை மாதத்தில் நமக்கு அது இரவு 8.30. "ரொம்ப லேட்" என்று எழுதிவிடலாமா?

பதில்: அவருக்கு அது பட்டப்பகலாயிற்றே! "எங்களுக்கு அது இரவு 8.30 ஆவதால், செவ்வாய் அல்லது புதன், லண்டன் காலை 10 மணி, அதாவது இந்திய நேரம் பிற்பகல் 2.30, தங்களுக்கு இசையுமா?" என்று இரு ஊர் மணியையும் சேர்த்தே எழுதுங்கள். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்புவதால், அதே லண்டன் 10 மணி நமக்கு 3.30 ஆகிவிடும். வாராவாரம் நடக்கும் கூட்டமாயின் எந்த ஊர் மணி நிலையானது என்பதை முதற் கடிதத்திலேயே தீர்மானித்துக்கொள்ளாதவர்கள், நவம்பரில் ஒரு மணி நேரம் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: வரமுடியாத காரணத்தை விஸ்தாரமாக எழுத வேண்டுமா?

பதில்: ஒரு வாக்கியம் போதும். பல் வைத்தியரிடம் போவதாயின், "வைத்தியரைப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றாலே நம்புவார்கள். எந்தப் பல் என்பது கூட்டத்துக்குத் தேவையில்லை.