நிறைந்த தசையில் இடம் ஏது?

கேள்வி: கிரியேட்டின் குடிக்கும் ஜிம் நண்பனுக்குப் பலம் கூடுகிறது, எனக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லையே, ஏன்?
– ஒரு வாசகர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: நண்பர் சைவமா என்று முதலில் விசாரிக்கலாம்! கிரியேட்டின் இறைச்சியிலும் மீனிலும் இயல்பாகவே இருக்கிறது. நாசி கண்டார் கடையில் தினமும் மீனும் கோழியும் சாப்பிடுகிறவரின் தசையில் அது ஏற்கெனவே ஓரளவு நிறைந்திருக்கும். தசைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். மிச்சம் சிறுநீரில் போய்விடும். சைவருக்கு இருப்பு குறைவு, அதனால் ஏற்றம் அதிகம்.

1994இல் கிரீன்ஹாஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் எட்டுப் பேருக்குத் தினம் 20 கிராம் கிரியேட்டின் வீதம் ஐந்து நாள் கொடுத்துத் தசையைச் சோதித்தார்கள். ஐவருக்கு இருப்பு நன்றாக ஏறியது. மூவருக்கு மிகக் கொஞ்சமே.

ஆனால் பலர் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தினம் 3 கிராம் எடுத்தால் தசை நிறைய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். எடைமெஷினும் கண்ணாடியும் நல்ல சாட்சிகள் அல்ல: முதலில் கூடும் எடை பெரும்பாலும் நீர். பினாங்கு மலையில் மெதுவாக ஏறிப் பார்ப்பதும் சோதனை ஆகாது, ஏனெனில் கிரியேட்டின் உதவுவது சில நொடி நீளும் கடும் முயற்சிக்கு.

தொடங்குமுன் இரண்டு வாரம், ஒரே எடையை ஒரே ஓய்வு இடைவெளியில் எத்தனை முறை தூக்க முடிகிறது என்று குறித்து வையுங்கள். பயிற்சியையும் உணவையும் மாற்றாமல், ஆறு வாரம் கழித்து அதே கணக்கை ஒப்பிடுங்கள். பயிற்சியாலும் பலம் கூடும் என்பதால், ஒன்றிரண்டு முறை கூடியதை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்லிவிட வேண்டாம்.